வாழ்த்து வேறு, விளம்பரம் வேறு



பொம்மையார்பாளையத்துக்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். தெற்கே புதுச்சேரிக் கடைவீதிகள். மேற்கே, 1968ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றுப் பல நாட்டார் கூடிவாழும் ஆரோவில். இடையே ஓடுகிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. இந்தக் கரையில் தொழில் நடத்தும் நம் சகோதரர் எவருடைய கைப்பேசியைத் திறந்து பார்த்தாலும் ஒரு சிறு உலகம் தெரியும். சரக்கு ஏற்றும் லாரிக்காரர் இந்துவாக இருப்பார். அட்டைப்பெட்டி தரும் சென்னை மொத்த வியாபாரி ஜைனராக இருப்பார். பொருள் வாங்குபவர் பிரான்சிலோ ஜப்பானிலோ இருப்பார். மலேசியாவிலும் துபாயிலும் நம் மார்க்கத்தவரான வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். இத்தனை பேருக்கும் ஆண்டில் ஏதேனும் ஒரு நாள் திருநாளாக அமைகிறது. அந்த நாளில் நம்மவர் என்ன செய்கிறார் என்பதே இங்கே நம் கேள்வி.

நாம் பார்த்தவரையில் நம்மவர் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சி, வாய் திறப்பதே ஈமானுக்கு ஆபத்து என்று மௌனம் காக்கிறது. மற்றொரு கட்சி, எங்கிருந்தோ வந்த படத்தைக் கடைப் பெயரோடு எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று கைகழுவுகிறது. முன்னவர் தம் செயலுக்கு மார்க்கம் என்று பெயர் வைக்கிறார். பின்னவர் தொழில்முறை என்று பெயர் வைக்கிறார். இரண்டு பெயரும் பொருந்தவில்லை என்பது நம் வாதம். மௌனத்தில் இருப்பது பெரும்பாலும் மார்க்கம் அன்று, சோம்பல். படத்தில் இருப்பது வாழ்த்து அன்று, விளம்பரம்.

முதலில் மௌனக் கட்சியாரைப் பார்ப்போம்.

இவர்கள் எடுத்துக்காட்டும் பெரிய ஆதாரம், ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்களின் ‘அஹ்காமு அஹ்லித் திம்மா’ என்னும் நூல். பிற சமயத்தாருக்கே உரிய வழிபாட்டுச் சின்னங்களுக்காக அவர்களை வாழ்த்துவது ஹராம், இதில் கருத்து வேறுபாடு இல்லை என்று அவர்கள் எழுதியிருப்பது உண்மை. இதை நாம் மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. ஆனால் அந்த வரியை மேற்கோள் காட்டுவோர் அதற்குச் சற்று முன்னால் உள்ள பகுதியை ஏன் படிப்பதில்லை? அதே இடத்தில் இமாம் அவர்கள் வேறொரு கேள்வியை எடுத்துப் பேசுகிறார்கள். பிற சமயத்தார் ஒருவருக்குத் திருமணம் நடந்தது, குழந்தை பிறந்தது, தொலைவில் இருந்தவர் வீடு திரும்பினார், நோய் தீர்ந்தது, ஆபத்து நீங்கியது. அப்போது அவரை வாழ்த்தலாமா? இதில் இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களிடமிருந்து ஆகும் என்றும் ஆகாது என்றும் இருவிதமான அறிவிப்புகள் உள்ளன என்கிறார்கள். துக்கம் விசாரிப்பது, நோய் விசாரிப்பது பற்றிய பேச்சும் இதுவும் ஒன்றே என்கிறார்கள். அதன்பின், அவருடைய சமயத்தையே ஒப்புக்கொள்வதுபோன்ற சொற்கள் வாழ்த்தில் கலந்துவிடக் கூடாது என்று எச்சரிக்கிறார்கள்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? மிகக் கண்டிப்பான அறிஞர் என்று பெயர் பெற்றவர்களே மனிதரையும் அவருடைய வழிபாட்டையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தார்கள். மனிதனின் உடல்நலம், பிள்ளைகள், பிழைப்பு ஆகியவற்றுக்கு நன்மை விரும்புவது ஒரு வாசல். அவனுடைய வழிபாட்டைப் பாராட்டுவது வேறொரு வாசல். இரண்டாவது வாசலை அடைத்தவர்கள் முதல் வாசலையும் சேர்த்துப் பூட்டிவிடவில்லை. மௌனக் கட்சியாரோ இரண்டையும் ஒரே பூட்டால் பூட்டிவிட்டுச் சாவியையும் தொலைத்துவிட்டார்கள்.

நம் காலத்தில் ஐரோப்பிய ஃபத்வா ஆய்வு மன்றம் இன்னும் தாராளமான நிலையை எடுத்தது. நம்மோடு சமாதானமாக வாழ்ந்து, நம் பெருநாளில் நம்மை வாழ்த்துவோரை அவர்களுடைய திருநாளில் வாழ்த்தலாம். வாழ்த்து அட்டையில் மட்டும் நம் கொள்கைக்கு மாறான சின்னமோ சொல்லோ இருக்கக் கூடாது என்பது அதன் முடிவு. நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்னும் அல்மும்தஹினா அத்தியாயத்தின் எட்டாம் வசனமும், நமக்கு ஒருவர் முகமன் கூறினால் அதைவிட அழகாகவோ குறைந்தது அதற்கு ஈடாகவோ திருப்பிக் கூறவேண்டும் என்னும் அந்நிஸா அத்தியாயத்தின் 86ஆம் வசனமும் அவர்களுடைய வாதத்துக்கு அடிப்படை. இதை ஏற்காத ஆலிம்களும் உண்டு. தத்தம் ஆசிரியர்களிடம் கேட்டு நடப்பது அவரவர் பொறுப்பு. ஆனால் ‘எல்லா உலமாவும் எல்லா வகை வாழ்த்தையும் தடுத்துவிட்டார்கள்’ என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

மலேசியா சென்று வரும் நம் சகோதரர்கள் சிலர் வேறொரு செய்தியை அங்கிருந்து சுமந்து வருகிறார்கள். இந்தோனேசிய உலமா சபை 1981ஆம் ஆண்டு மார்ச் மாதம், புகழ்பெற்ற அறிஞர் ஹம்கா தலைவராக இருந்தபோது, கிறிஸ்துமஸ் வாழ்த்தைத் தடைசெய்தது என்பது அந்தச் செய்தி. அந்த ஃபத்வா பேசியது வாழ்த்தைப் பற்றி அன்று. கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தில் முஸ்லிம்கள் சேர்ந்து கலந்துகொள்வதைப் பற்றித்தான் அது பேசியது. அரசின் அழுத்தத்துக்கு இணங்காமல் ஹம்கா பதவி விலகியதும் அதன் பொருட்டே. ஒன்றைப் பற்றிய தீர்ப்பை மற்றொன்றின் மீது ஒட்டவைப்பது கல்வியாகாது.

ஆகவே, மௌனக் கட்சியாரை நாம் கேட்பது இதுதான். உங்கள் வாடிக்கையாளர் நோன்புப் பெருநாளன்று ‘ஈத் முபாரக்’ என்று எழுதுகிறார். நீங்கள் மகிழ்கிறீர்கள், உங்கள் வீட்டுப் பிரியாணியை அவருக்கு அனுப்புகிறீர்கள். அவருக்கு ஒரு நல்ல நாள் வரும்போது, ‘நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும்’ என்ற ஒரு வரி எழுதக்கூட உங்கள் விரல் மறுக்கிறது. அதைத் தடுத்த இமாம் யார்? பெயரைச் சொல்லுங்கள்.

நாம் ஒரு முன்மாதிரியைச் சொல்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸுக்கு அனுப்பிய கடிதம் ஸஹீஹுல் புகாரியின் தொடக்கத்திலேயே இடம்பெற்றுள்ளது. அது வணிகக் கடிதம் அன்று, அழைப்புப் பணிக் கடிதம். இதை மறந்துவிடாமல் படிக்க வேண்டும். ஆயினும் வேறு சமயத்தவரான வேறு நாட்டவருக்கு ஒரு முஸ்லிம் எப்படி எழுதவேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் நமக்குக் கிடையாது.

அந்தக் கடிதம் அல்லாஹ்வின் பெயரால் தொடங்குகிறது. அனுப்புகிறவர் யார் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. பிறகு பெறுகிறவரை அவருடைய மக்கள் மத்தியில் அவருக்கு உள்ள மதிப்போடு, ரோமரின் பெரியவர் என்று அழைக்கிறது. வெறும் பெயரால் அழைக்கவில்லை. தாம் ஒப்பாத பட்டத்தையும் சூட்டவில்லை. முகமனோ, நேர்வழியைப் பின்பற்றுவோர் மீது சாந்தி உண்டாகட்டும் என்னும் பொருளில் அமைந்துள்ளது. மரியாதையும் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது; ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடவில்லை.

இதற்குத் துணையாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் ரோமருக்கு எழுத நாடியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. உடனே அவர்கள் வெள்ளியில் ஒரு முத்திரை மோதிரம் செய்துகொண்டார்கள். என்ன அழகான செய்தி! ‘எங்கள் ஊரில் முத்திரை வழக்கம் இல்லை’ என்று அவர்கள் சொல்லவில்லை. பெறுகிறவரின் வழக்கம் என்ன என்று அறிந்து அதற்கேற்ப நடந்தார்கள். அந்த முத்திரையில் பொறிக்கப்பட்டதோ ரோமரின் சின்னம் அன்று. முஹம்மத், அல்லாஹ்வின் தூதர் என்னும் சொற்கள். வழக்கம் அவர்களுடையது, வாசகம் நம்முடையது. வணிக நண்பருக்கு எழுதும் ஒவ்வொரு வாழ்த்துக்கும் இதுவே அளவுகோல்.

இந்த அளவுகோலோடு இரண்டாம் கட்சியாரிடம் வருவோம்.

நம் மதரஸாவில் பயிலும் பிள்ளை ஒருவரின் தந்தை, தோல் பையும் பணப்பையும் தைக்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், தொழுகையாளி. தீபாவளிக்கு முந்தைய நாள் அவர் ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் தம் தொடர்பிலுள்ள எல்லோருக்கும் அனுப்பினார். படத்தில் தெய்வ உருவம், அதைச் சுற்றி விளக்குகள், கீழே பட்டறையின் பெயரும் எண்ணும், அதற்கும் கீழே 15 சதவீதத் தள்ளுபடி அறிவிப்பு. அதைப் பெற்றவர்களுள் ஒருவர் அவருக்கு எட்டு ஆண்டுகளாகச் சரக்கு ஏற்றும் லாரி உரிமையாளர். அந்த மனிதருடைய தாயார் ஆடி மாதம் காலமாகியிருந்தார். அந்த லாரிக்காரர் கோபப்படவில்லை, பதிலும் எழுதவில்லை. அடுத்த முறை சரக்கு ஏற்ற வந்தபோது மட்டும், ‘இந்த வருஷம் எங்க வீட்டுல தீபாவளி இல்லைங்க பாய். உங்களுக்குத்தான் தெரியுமே, நீங்களே எடுப்புக்கு வந்தீங்க’ என்றார்.

ஒரே படத்தில் எத்தனை பிழைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

முதலாவது, நம் கொள்கைக்குப் பொருந்தாத உருவத்தின் கீழ் நம் பெயர். எழுத்தில் கவனமாக இருக்கும் நாம் படத்தில் கண்ணை மூடிக்கொள்கிறோம். இதை மத நல்லிணக்கம் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. பெறுகிறவருக்கும் இது தெரியும். ஒரு முஸ்லிம் பட்டறைக்காரர் இதை நம்பி அனுப்பவில்லை, எங்கிருந்தோ எடுத்து அனுப்புகிறார் என்று பார்த்தவுடனே புரிந்துவிடும். புரிந்தபின் அதில் வெப்பம் எங்கே இருக்கும்?

இரண்டாவது, தள்ளுபடி. ஒருவருடைய நல்ல நாளில் அவர் வீட்டு வாசலுக்குப் போய், வாழ்த்திவிட்டு, அதே மூச்சில் ‘என் சரக்கை வாங்கு’ என்பவரை நாம் என்ன சொல்வோம்? நேரில் செய்ய வெட்கப்படுவதைக் கைப்பேசியில் ஏன் செய்கிறோம்? விலை அறிவிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது வேறு நாளில், வேறு செய்தியாகப் போகட்டும். வாழ்த்தோடு சேர்ந்த கணத்திலேயே வாழ்த்து செத்துவிடுகிறது.

மூன்றாவது, முகவரியின்மை. பெயர் இல்லாத வாழ்த்து யாருக்கும் உரியதன்று. ஒரே படம் மூன்று பேரிடமிருந்து வரும்போதும், அதன் தலையில் இது பகிரப்பட்ட செய்தி என்ற குறி தெரியும்போதும், பெறுகிறவர் அதைத் திறக்காமலே அழிக்கிறார். இன்னொன்றையும் நம் வியாபாரிகள் அறிவதில்லை. வாட்ஸ்அப்பின் மொத்தப் பட்டியல் வழியாக அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்துவைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். புதிதாக அறிமுகமான வெளிநாட்டு வாடிக்கையாளர் நம் எண்ணைப் பதிந்திருக்க மாட்டார்; அவருக்கு அது போகவே போகாது. அதற்கு மாற்றாக எல்லோரையும் ஒரு குழுவில் சேர்ப்பவர்கள் இன்னும் பெரிய தவறு செய்கிறார்கள். ஒருவருடைய எண்ணை மற்ற எல்லோரும் பார்க்கும்படி ஆகிவிடுகிறது. அது அமானிதத்தை மீறுவது.

நான்காவது, இவற்றுள் மிகக் கொடியது, துக்க வீட்டுக்கு மகிழ்ச்சிப் படம். நம் மாவட்டத்து இந்துக் குடும்பங்களில் இறப்பு நேர்ந்தால் அந்த ஆண்டு பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது நாம் அறிந்த வழக்கம். பட்டியலுக்கு அது தெரியாது, மனிதனுக்குத் தெரியும். மனிதன் செய்ய வேண்டியதைப் பட்டியலிடம் விட்டதன் விளைவு இது.

ஜப்பானியரிடம் இதற்கென ஓர் ஒழுங்கே இருக்கிறது என்பது நம் கவனத்துக்குரியது. அங்கே புத்தாண்டு அன்று ‘நெங்காஜோ’ என்னும் வாழ்த்து அட்டை அனுப்புவது வீட்டுக்கும் தொழிலுக்கும் பொதுவான வழக்கம். ஆனால் அந்த ஆண்டு இறப்பு நேர்ந்த குடும்பத்தார் டிசம்பர் தொடக்கத்துக்குள் எல்லோருக்கும் ஓர் அட்டை அனுப்பிவிடுவர். நாங்கள் துக்கத்தில் இருக்கிறோம், இவ்வாண்டு வாழ்த்து அனுப்பும் நிலையில் இல்லை என்று அதில் இருக்கும். அதைப் பெற்றவர் அவர்களுக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்பமாட்டார். அதற்காகக் கைவிட்டுவிடவும் மாட்டார். ஜனவரி முதல் வாரம் கழிந்தபின், குளிர்காலத்தில் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று விசாரித்து ஓர் அட்டை எழுதுவார். வாழ்த்தத் தகாத நேரத்தில் விசாரிப்பு, என்ன நாகரிகம்! நம் ஊர் லாரிக்காரருக்கும் அதுவே தேவைப்பட்டது. அந்தச் சகோதரர் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்:

‘அண்ணே, வணக்கம். அம்மா இல்லாத முதல் வருஷம். இந்த நாட்களில் உங்களையும் வீட்டாரையும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எல்லோரும் மனத்தெம்போடு நலமாக இருக்க வேண்டும்.’

இதில் கொள்கை மீறல் எங்கே? வியாபாரக் குறைவு எங்கே? எழுத எடுக்கும் நேரம் ஒரு நிமிடம்.

இனி, அந்தப் பட்டறைக்காரரின் மற்றத் தொடர்புகளை எடுத்துக்கொண்டு, எப்படி எழுதுவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நம் முறை எளியது. பெறுகிறவரை அவருக்குப் பழக்கமான அழைப்புச் சொல்லால் அழைக்க வேண்டும். அவருக்கும் அவர் வீட்டாருக்கும் நலம் விரும்ப வேண்டும். அவரோடு நடந்த தொழிலில் அவர் செய்த ஒரு நன்மையைக் குறிப்பாக நினைவுகூர வேண்டும். எதையும் கேட்காமல் முடிக்க வேண்டும்.

சென்னையின் அட்டைப்பெட்டி வியாபாரிக்கு இப்படி எழுதலாம்: ‘வணக்கம் ஜி. இந்த நல்ல நாட்களில் உங்கள் குடும்பத்தார் அனைவரும் ஒன்றுகூடி மகிழ்ந்திருக்க விரும்புகிறோம். சென்ற மழையில் ஒரு பெட்டிகூட நனையாமல் தார்ப்பாய் கட்டி அனுப்பியதை நாங்கள் மறக்கவில்லை. புதுக் கணக்கு உங்களுக்கு நலமாக அமையட்டும்.’ மூன்றாம் வரியைக் கவனியுங்கள். அந்த வரியை வேறு எவருக்கும் அனுப்ப முடியாது. அதுதான் வாழ்த்தை அச்சடித்த படத்திலிருந்து பிரிக்கிறது. நாளையும் கவனிக்க வேண்டும். தமிழ் வீடுகளில் தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலோடு தொடங்கிவிடும். வடநாட்டு வணிகர்களுக்கோ மாலைப் பூசையே முதன்மை, அது சில ஆண்டுகளில் மறுநாளாகவும் அமையும். ஒருவருக்கு முந்தைய மாலையும் மற்றவருக்கு அன்றைய பகலும் பொருத்தம்.

பிரான்சு நாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது நம்மவர் செய்யும் பிழை, வெள்ளைத் தோல் என்றாலே கிறிஸ்தவர் என்று முடிவு கட்டுவது. அவர் யூதராக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம், எந்தச் சமயமும் வேண்டாதவராக இருக்கலாம். பிரெஞ்சுக்காரர்களே ஆண்டு இறுதியில் ‘போன் ஃபேத்’ என்று, விடுமுறை நாட்கள் இனிதாகட்டும் என்னும் பொருளில் பொதுவாகச் சொல்லிக்கொள்வர். புத்தாண்டு வாழ்த்தை ஜனவரி மாதம் முழுவதும் சொல்லும் வழக்கமும் அங்கே உண்டு. ஆகவே கிறிஸ்துமஸ் பற்றி மனம் உறுத்தும் சகோதரருக்கு ஒரு நெருக்கடியும் இல்லை. ஜனவரி இரண்டாம் வாரத்தில், மற்றவர்களின் வாழ்த்து மழை ஓய்ந்தபின், நிதானமாக எழுதலாம். அப்போதுதான் அது படிக்கவும் படும்.

நம் மார்க்கத்தவருக்கு எழுதுவது எளிது என்று நினைப்பதும் பிழையே. மலேசியர் ஹரி ராயா அன்று ‘மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்’ என்பர். வெளிப்படையாகவும் உள்ளத்தாலும் நேர்ந்த பிழைகளைப் பொறுத்தருளுங்கள் என்பது கருத்து. ஆண்டு முழுவதும் கொடுக்கல் வாங்கல் நடத்திய வணிகர் இருவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது? வெறும் ‘ஈத் முபாரக்’ படத்தைவிட அந்தச் சொல் அவருள்ளத்தைத் தொடும். வளைகுடா நாட்டவருக்கு நம் பிறை தெரியும்வரை காத்திருந்தால் அங்கே பெருநாள் முடிந்தே போயிருக்கும். எந்த நாட்டில் என்று பெருநாள் அறிவிக்கப்பட்டது என்று பார்த்து எழுத வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. நம் வாடிக்கையாளர்கள் நமக்கு எழுதும்போது பிறழ்வார்கள். முஹர்ரம் மாதம் பிறந்தால் ‘முஹர்ரம் நல்வாழ்த்துகள்’ என்று எழுதுவார்கள். அதைக் கண்டவுடன் கர்பலா வரலாற்றை விளக்கி, இது வாழ்த்தும் நாளன்று என்று பாடம் நடத்துவோர் நம்மில் உண்டு. அவர் நாள்காட்டியைப் பார்த்து, நம்மை நினைத்து, ஒரு வரி எழுதினார். அந்த நினைப்புக்கு நன்றி சொல்லுங்கள், அவர் நலத்தைக் கேளுங்கள், போதும். நாமும் புனித வெள்ளி அன்று கிறிஸ்தவருக்கு ‘மகிழ்ச்சியான’ வாழ்த்து அனுப்பும் கூட்டத்தார்தாம். அது அவர்களுக்குத் துயர நாள் என்று பலருக்குத் தெரிவதில்லை.

ஆயுதபூசை வேளையில் பட்டறைக்காரரும் லாரிக்காரரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அது கருவிகளுக்குச் செய்யும் வழிபாடாயிற்றே, அதற்கு என்ன சொல்வது? வழிபாட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். ‘உங்கள் வண்டிகள் விபத்தின்றி ஓடட்டும், ஓட்டுநர்கள் நலமாக வீடு திரும்பட்டும்’ என்று எழுதுங்கள். லாரிக்காரருக்கு இதைவிட வேண்டியது என்ன? படையல் உணவு வந்தால், எங்கள் மார்க்கத்தில் இதை உண்பதில்லை என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடலாம். ஆண்டு முழுவதும் அன்போடு பேசியவன் சொல்லும் மறுப்பை எவரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. ஒருநாளும் பேசாதவன் சொல்லும் மறுப்புத்தான் சுடுகிறது.

நமக்கு எதிராக ஒரு வாதம் சொல்லப்படும் என்பதை அறிவோம். ‘ஆதாயத்துக்காக வாழ்த்துவது நயவஞ்சகம் ஆகாதா?’ ஆகும், ஆதாயம் மட்டுமே நோக்கமாக இருந்தால். அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. நீங்கள் வாழ்த்து எழுதும் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதில் வாங்குபவர்கள் மட்டும் இருக்கிறார்களா, அல்லது மூட்டை தூக்குபவரும் இருக்கிறாரா? பாரிசுக்காரர் இருக்கிறார், உப்பளத்தில் உழைத்துவிட்டு மழைக்காலத்தில் உங்கள் பட்டறையில் கூலிக்கு வந்தவர் இல்லை என்றால், அந்தத் தாள் உங்கள் நிய்யத்தைச் சொல்லிவிட்டது.

இதையொட்டி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மரக்காணத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்திகள் மூழ்கிவிடும். உப்பு வாரும் வேலை நின்றுவிடும். தீபாவளி வருவது பெரும்பாலும் அந்த வேலையற்ற நாட்களில். அதனால்தான் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்குகிறது. அப்படிப்பட்ட நாட்களில் ஏற்றுகூலியையும் சிறு வியாபாரியின் பாக்கியையும் ‘பண்டிகை கழியட்டும்’ என்று நிறுத்திவைத்துவிட்டு, அதே மனிதருக்கு வாழ்த்துப் படம் அனுப்புகிற முதலாளிகள் நம்மிலும் இருக்கிறார்கள். கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம். வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று கற்றவர்கள் நாம். பாக்கியை வைத்துக்கொண்டு வாழ்த்துவது கேலி. திருநாளுக்கு முந்தைய வாரத்தில் கணக்கைத் தீர்ப்பதே முதல் வாழ்த்து. சொல் அதற்குப் பிறகுதான்.

இறுதித் தூதர் (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய போர்க்கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பிற சமயத்தாரோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத தூய உலகம் ஒன்று நமக்கு ஒருகாலத்தில் இருந்தது என்று கற்பனை செய்வோர் இதை ஒருமுறை படிக்கட்டும். அத்தகைய உலகம் மதீனாவிலும் இருக்கவில்லை, பொம்மையார்பாளையத்திலும் இல்லை.

ஆகவே, குடும்பத் தலைவர்களுக்கும், கடையைப் பார்த்துக்கொள்ளும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் நாம் கூறுவது இது. கைப்பேசியில் சேர்த்துவைத்திருக்கும் வாழ்த்துப் படங்களை அழித்துவிடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். யாரோடு தொழில் செய்கிறீர்களோ அவர் பெயர், அவரை அழைக்கும் முறை, அவர் உங்களுக்கு எந்த நாளில் எழுதினார், அவர் வீட்டில் நடந்த நல்லது கெட்டது ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அவருடைய நாள் வரும்போது நான்கு வரி எழுதுங்கள். அதில் அவர் இருக்கட்டும். உங்கள் சரக்கு வேண்டாம், உங்கள் கொள்கைக்கு ஒவ்வாத சொல்லும் வேண்டாம்.

நம் நாவையும் கணக்கையும் அல்லாஹ் தூய்மையாக்குவானாக! நம் அண்டையாருக்கும் நம்மோடு தொழில் செய்வோருக்கும் நம்மால் நன்மையே சேரும்படி அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.